பட்டியலைக் கழற்றுங்கள், பிள்ளையின் தமிழைக் கேளுங்கள்

உயர்தர வகுப்பு ஆங்கில அறைகளில் ஒரு பட்டியல் தொங்கும். மூன்று நிரல். முதலாவது நிரலில் 'இங்' சேர்த்து எழுத வேண்டிய வினைச்சொற்கள். இரண்டாவதில் 'டு' சேர்த்து எழுத வேண்டியவை. மூன்றாவதில் 'இரண்டும் வரும்' என்று ஒரு ஏழெட்டுச் சொல். ஜெரண்ட், இன்ஃபினிடிவ் என்று தலைப்பு. மாணவர்கள் அதைக் கொப்பியில் இறக்கி, பாடமாக்கி, வினாத்தாளில் கோடிட்ட இடம் நிரப்பி, கட்டுரை எழுதும்போது அவ்வளவையும் பிழையாக எழுதுவார்கள்.

இந்தப் பட்டியலை நாங்களும் கந்தப்பளையில் வருடக் கணக்காகத் தொங்கவிட்டோம். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு அப்படித்தான் தந்தார்கள், நாங்களும் அப்படியே கொடுத்தோம். இப்போது கழற்றிவிட்டோம். ஏன் கழற்றினோம், அதற்குப் பதில் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பதால் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறோம். வாய்விட்டு வாசித்தால் விளங்கும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறோம். பிழை எங்களுடையது.

தரம் 12 பிள்ளை ஒருத்தி. வாசிகசாலைத் திறப்பு அவளுடைய பொறுப்பில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கதவு பூட்டப்படவில்லை. எங்கள் ஊர் மழையைத் தெரியும்தானே. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாரல் உள்ளே அடித்து, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப்போய்க் கிடந்தன. விளக்கக் கடிதம் எழுதச் சொன்னோம். ஆங்கிலத்தில் எழுதினால் பயிற்சியாகவும் இருக்கும் என்று நாங்கள்தான் சொன்னோம். அவள் எழுதினாள்: 'ஐ ஃபர்கொட் லொக்கிங் த டோர்.'

நாங்கள் அந்த வாக்கியத்தைப் பார்த்தோம். 'ஃபர்கெட்' மூன்றாம் நிரலில் இருக்கிறது. இரண்டும் வரும். சரி என்று விட்டுவிட்டோம்.

கடிதம் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் போனது. அவர் நல்ல ஆங்கிலம் உள்ளவர். அவர் வாசித்தது இப்படி: 'நான் கதவைப் பூட்டினேன், பூட்டியது எனக்கு ஞாபகம் இல்லாமல் போய்விட்டது.' அதாவது பூட்டியாகிவிட்டது, வேறு யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பிள்ளை பழியைத் தள்ளிவிடுகிறாள். அவளைக் கூப்பிட்டுப் பொய் சொல்லாதே என்று ஏசியிருக்கிறார். பிள்ளை அழுதுகொண்டு எங்களிடம் வந்தாள். நாங்கள் கேட்டோம், "நடந்ததைத் தமிழ்ல சொல்லு." அவள் சொன்னாள், "பூட்ட மறந்துட்டேன் டீச்சர். பூட்டினேன்னு நான் எங்க சொன்னேன்?"

அவள் உண்மையைத்தான் எழுத நினைத்தாள். தன் பிழையை ஒப்புக்கொள்ளத்தான் நினைத்தாள். 'ஐ ஃபர்கொட் டு லொக் த டோர்' என்று எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். 'இரண்டும் வரும்' என்று எழுதி ஒட்டியவர்கள் நாங்கள். இரண்டும் வரும்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதை அந்தப் பட்டியல் எங்கும் சொல்லவில்லை.

அன்று எங்களுக்கு உறைத்தது இன்னொன்று. அந்தப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும். தமிழில் அவள் பிழை விடவே இல்லை. 'பூட்ட மறந்தேன்' என்பது ஒன்று, 'பூட்டியதை மறந்தேன்' என்பது வேறொன்று. லயத்தில் வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது குழம்பாது. 'பூட்ட' என்றால் பூட்டு விழவில்லை. 'பூட்டுனத' என்றால் பூட்டு விழுந்துவிட்டது. ஆங்கிலம் 'டு' என்றும் 'இங்' என்றும் பிரிப்பதைத் தமிழ் இங்கே 'செய' என்றும் 'செய்தது' என்றும் பிரிக்கிறது. பிள்ளையின் கையில் இருக்கும் இந்த அறிவை வகுப்பறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லி, அதற்குப் பதில் அறுபது சொல் பட்டியலைக் கையில் திணிக்கிறோம். இதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

இனி விஷயத்துக்குள் போவோம்.

தமிழில் 'மறு' என்று ஒரு சொல் இருக்கிறது. 'அவன் காசை எடுக்க மறுத்தான்.' 'அவன் காசை எடுத்ததை மறுத்தான்.' முதலாவதில் காசு மேசையிலேயே கிடக்கிறது. இரண்டாவதில் காசு எடுக்கப்பட்டதாக ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது, அதை இல்லை என்கிறான். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இரண்டு தனிச் சொற்கள். முதலாவது 'ஹி ரிஃபியூஸ்ட் டு டேக் த மணி.' இரண்டாவது 'ஹி டினைட் டேக்கிங் த மணி.' பட்டியலில் 'ரிஃபியூஸ்' ஒரு நிரலில், 'டினை' இன்னொரு நிரலில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல் கிடக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே வீட்டுச் சொற்கள். 'எடுக்க' என்று வந்தால் 'டு', 'எடுத்ததை' என்று வந்தால் 'இங்'.

'ஒப்புக்கொள்' என்பதும் அப்படித்தான். 'கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டார்' என்றால் 'அக்ரீட் டு கம்'. 'பிழை விட்டதை ஒப்புக்கொண்டார்' என்றால் 'அட்மிட்டட் மேக்கிங் எ மிஸ்டேக்'. மறுபடியும் ஒரே தமிழ் வினை, இரண்டு ஆங்கில வினை, ஒரே கோடு நடுவில்.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதற்கு மொழியியலாளர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். டுவைட் பொலிஞ்சர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1968ல் எழுதிய கட்டுரையில், 'இங்' வடிவம் செயலை உள்ள ஒன்றாக, கையில் பிடித்த பொருள் மாதிரிக் காட்டுகிறது, 'டு' வடிவம் அதை இனி நிகழக்கூடிய ஒன்றாகக் காட்டுகிறது என்ற பொருள்பட விளக்கினார். 'டு' என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் திசை காட்டும் சொல்தான். 'ஸ்கூலுக்கு' என்பதில் வரும் 'கு' மாதிரி. 'டு லொக்' என்றால் பூட்டுவதை நோக்கி. இன்னும் போய்ச் சேரவில்லை.

தமிழ்ப் பாடத்தில் இதே பிள்ளைகள் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் படிக்கிறார்கள். தொழிற்பெயர் படிக்கிறார்கள். 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சமும் படிக்கிறார்கள். அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் வந்து ஜெரண்ட் என்பது உங்களுக்குத் தெரியாத புதுச் சங்கதி என்று தொடங்குகிறார். பக்கத்து வகுப்பில் தமிழ் படிப்பிக்கும் சேரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

ஆகவே நாங்கள் இப்போது கொடுக்கும் முதல் விதி மிகச் சிறியது. முதலில் தமிழில் சொல்லிப் பார். 'செய' வந்தால் 'டு' போடு. 'செய்தது', 'செய்வது', 'செய்து' என்று வந்தால் 'இங்' போடு.

'செய்து' எப்படி உள்ளே வந்தது என்று கேட்பீர்கள். 'கொழுந்து எடுத்து முடித்தார்கள்' என்பதைப் பாருங்கள். 'ஃபினிஷ்ட் பிளக்கிங்.' முடிக்க வேண்டுமானால் செயல் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். 'செய்து பார்' என்பதை இன்னும் கவனியுங்கள். 'டிரை' என்ற சொல் மூன்றாம் நிரலில் கிடந்து பிள்ளைகளை வதைக்கும். தமிழில் அது தெளிவு. 'ஜன்னலைத் திறக்க முயற்சி செய்தோம், துருப்பிடித்திருந்தது.' ஜன்னல் திறக்கவில்லை. 'டிரைட் டு ஓப்பன்.' 'அறைக்குள் புகை. ஜன்னலைத் திறந்து பார்த்தோம், புகை போகவில்லை.' இங்கே ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, பலன்தான் கிடைக்கவில்லை. 'டிரைட் ஓப்பனிங்.' இந்த வித்தியாசத்தை ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் அரைப் பக்கம் விளக்கும். நாங்கள் 'முயற்சி செய்', 'செய்து பார்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம்.

'ஸ்டொப்' இன்னும் இலகு. 'பேசுவதை நிறுத்தினாள்' என்றால் வாய் மூடிவிட்டது, 'ஸ்டொப்ட் டோக்கிங்'. 'பேச நின்றாள்' என்றால் நடந்துகொண்டிருந்தவள் நின்று வாயைத் திறந்தாள், 'ஸ்டொப்ட் டு டோக்'. தமிழ் இங்கே வினையையே மாற்றிவிடுகிறது. நிறுத்துவது வேறு, நிற்பது வேறு. 'டிரைவர் ஸ்மோக் பண்ண ஸ்டொப் பண்ணினார்' என்று கலந்து பேசிக் குழம்புவதைவிட, தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே விடை வந்துவிடும்.

இப்போது எதிர்ப்பக்கத்து வாதங்களுக்கு வருவோம். இவற்றைச் செயலமர்வுகளில் நேரடியாகவே கேட்டிருக்கிறோம்.

ஒன்று, ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்பது. ஒரு செயலமர்வில் இந்த முறையை நாங்கள் சொன்னபோது வந்திருந்த வளவாளர் சிரித்துவிட்டு, "தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழே சரியா வராது, அதை வச்சு இங்கிலிஷா?" என்றார். மண்டபத்தில் பலர் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 'பூட்டியதை' என்று எழுதத் தெரியாத பிள்ளையும் 'பூட்டுனத' என்று பேசும். 'எடுத்ததை' என்று எழுதாத பிள்ளையும் 'எடுத்தத' என்று சொல்லும். எங்களுக்குத் தேவையான கோடு அந்தப் பேச்சிலேயே முழுசாக இருக்கிறது. எங்கள் வீட்டில் உம்மா பேசுவதிலும் இருக்கிறது, பிரட்டுக்களத்தில் பேசுவதிலும் இருக்கிறது. எழுத்துப் பிழையையும் இலக்கண அறிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர் பிள்ளையின் மொழியைக் கேட்டதே இல்லை. தமிழ் இல்லாமல் ஆங்கிலச் சூழலில் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலத்திலேயே சொல்லிக் கொடுங்கள். வாரத்தில் சில பாடவேளை மட்டும் ஆங்கிலம் கேட்கிற பிள்ளைக்கு, அந்தப் பாடவேளைக்குள் மொழியை ஊறவைத்துவிடுவோம் என்பது நடக்கிற காரியமா?

இரண்டாவது வாதம், தமிழ் சில இடங்களில் பிழையாகவும் கொண்டுபோய் விடுமே என்பது. இது நியாயமான கேள்வி. ஆம், கொண்டுபோய் விடும். மறைக்க மாட்டோம்.

'எனக்குப் பாட விருப்பம்' என்று தமிழில் சொல்கிறோம். 'செய' வந்துவிட்டது. பிள்ளை 'ஐ என்ஜோய் டு சிங்' என்று எழுதும். பிழை. 'என்ஜோய்' என்றால் 'இங்' மட்டும்தான். தமிழில் 'பாட விருப்பம்' என்பது இப்போது பாட ஆசைப்படுவதற்கும் பாடுவதில் இன்பம் காண்பதற்கும் பொதுவாக நிற்கிறது. 'பாடுறது விருப்பம்' என்று மாற்றிச் சொல்ல வைத்தால் சரியாகிவிடும், ஆனால் அந்த மாற்றத்தை நாம்தான் காட்டிக் கொடுக்க வேண்டும். அதேபோல் 'படிப்பதாக நடித்தான்', 'வருவதாக வாக்குக் கொடுத்தான்' என்னும்போது தமிழில் 'செய' இல்லை, ஆங்கிலத்தில் 'டு' வருகிறது. 'போகலாம் என்று ஆலோசனை சொன்னார்' என்பதில் போவது இன்னும் நடக்கவில்லை, இருந்தும் 'சஜெஸ்டட் கோயிங்' என்று 'இங்' வருகிறது. 'எப்படியோ பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்' என்பதில் பஸ் பிடிபட்டுவிட்டது, இருந்தும் 'மேனேஜ்ட் டு கேட்ச்'. இந்த இரண்டில் பொலிஞ்சரின் விளக்கமும் நேரடியாகப் பொருந்துவதில்லை. மொழி என்றால் ஓட்டை இருக்கத்தான் செய்யும்.

அதனால் என்ன? ஓட்டையை மட்டும் பாடமாக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அறுபது சொல்லைப் பாடமாக்குவதும், விதி ஒன்றைப் புரிந்துகொண்டு விதிக்கு அடங்காத பத்துப் பன்னிரண்டு சொல்லைப் பாடமாக்குவதும் ஒன்றா?

மூன்றாவது, பரீட்சைக்குப் பட்டியல் போதும் என்பது. கோடிட்ட இடத்துக்குப் போதும்தான். ஆனால் கடிதம், கட்டுரை, நேர்முகத் தேர்வு எதிலும் கோடிட்ட இடம் இல்லை. எந்தச் சொல் வேண்டும் என்பதைப் பிள்ளையே தெரிவு செய்ய வேண்டும். பொது ஆங்கிலப் புள்ளி இசட் புள்ளிக்குச் சேராது என்பதால் பலர் அந்தப் பாடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பிறகு கொழும்பில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதே பிள்ளைதான் திண்டாடுகிறது.

சரி, பட்டியலைக் கழற்றினால் வகுப்பில் என்ன செய்வது? இதோ நாங்கள் செய்யும் வகைப்படுத்தல் பயிற்சி. தரம் 12, 13க்கு. நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் முடியும்.

வழக்கமான வகைப்படுத்தலில் வினைச்சொற்களைத் துண்டுக் கடதாசியில் எழுதி மூன்று நிரலில் அடுக்கச் சொல்வார்கள். அதில் பிள்ளை ஞாபகசக்தியைத்தான் அடுக்குகிறது. நாங்கள் அடுக்கச் சொல்வது முழு வாக்கியங்களை, அதுவும் முதலில் தமிழில். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தை வெட்டி 16 அட்டை. நாலு பேருக்கு ஒரு கட்டு. முன்பக்கம் தமிழ் வாக்கியம், பின்பக்கம் பயன்படுத்த வேண்டிய ஆங்கில வினை மட்டும்.

1. லீவு எடுக்க முடிவு செய்தாள். (டிசைட்)
2. கொழுந்து எடுத்து முடித்தார்கள். (ஃபினிஷ்)
3. கூட்டத்தில் பேச மறுத்தார். (ரிஃபியூஸ்)
4. கல் எறிந்ததை மறுத்தான். (டினை)
5. கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டார். (அக்ரீ)
6. பிழை விட்டதை ஒப்புக்கொண்டார். (அட்மிட்)
7. நாளைக்குப் போகலாம் என்று ஆலோசனை சொன்னார். (சஜெஸ்ட்)
8. அவளுக்குப் பாட விருப்பம். (என்ஜோய்)
9. கேட்டைப் பூட்ட மறந்தான். (ஃபர்கெட்)
10. கேட்டைப் பூட்டியதை மறந்துவிட்டான். (ஃபர்கெட்)
11. வழியில் டீச்சருடன் பேச நின்றாள். (ஸ்டொப்)
12. டீச்சருடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். (ஸ்டொப்)
13. ஜன்னலைத் திறக்க முயற்சி செய்தோம். (டிரை)
14. புகை போக ஜன்னலைத் திறந்து பார்த்தோம். (டிரை)
15. படிப்பதாக நடித்தான். (பிரிடெண்ட்)
16. எப்படியோ பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். (மேனேஜ்)

முதல் பத்து நிமிடம் ஆங்கிலமே இல்லை. அட்டையைத் திருப்பக் கூடாது. மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். 'செய' உள்ளவை ஒரு குவியல். 'செய்தது, செய்வது, செய்து' உள்ளவை இரண்டாவது. இரண்டிலும் சேராதவை மூன்றாவது. சரியாகப் பிரித்தால் முதல் குவியலில் 1, 3, 5, 8, 9, 11, 13 என ஏழு வரும். இரண்டாவதில் 2, 4, 6, 10, 12, 14 என ஆறு. மூன்றாவதில் 7, 15, 16. பதினாலாம் அட்டையில் சண்டை வரும். 'போக' என்று ஒரு 'செய' இருக்கிறதே என்பார்கள். எது பிரதான வினையோடு ஒட்டி நிற்கிறது என்று கேளுங்கள். 'திறந்து பார்த்தோம்' என்று அவர்களே சொல்வார்கள். அந்தச் சண்டையைச் சீக்கிரம் தீர்த்து வைக்காதீர்கள், அதுதான் பாடம்.

அடுத்த பத்து நிமிடம், ஒவ்வொரு அட்டைக்கும் ஒரே ஒரு கேள்வி. பிரதான வினை நடக்கும்போது மற்றச் செயல் கையில் இருக்கிறதா, இனித்தான் வர வேண்டுமா? கல் எறியப்பட்டதாகப் பேச்சு இருக்கிறதா? பூட்டு விழுந்ததா? வாய் பேசிக்கொண்டிருந்ததா? இதைத் தமிழிலேயே பேசட்டும்.

பிறகு அட்டையைத் திருப்பி, ஆங்கில வினையைப் பார்த்து, 'டு'வா 'இங்'கா என்று எதிர்வு கூறி, முழு வாக்கியம் எழுத வேண்டும். முதல் இரண்டு குவியலிலும் உள்ள 13 அட்டையில் 12க்கு விதி சரியாக வரும். எட்டாவது மட்டும் ஏமாற்றும். அட்டைகளைத் தெரிவு செய்தது நாங்கள்தான், ஆகவே இதை ஆங்கில மொழி முழுவதற்குமான கணக்காக எடுக்க வேண்டாம். எட்டையும் மூன்றாம் குவியலின் மூன்றையும் சேர்த்து நான்கு அட்டை. இவைதான் 'ஓட்டைப் பக்கம்'. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இவற்றை எழுதி வைக்கச் சொல்வோம். பிறகு வாசிப்பில் சந்திக்கும் மற்றவற்றையும் அங்கே சேர்ப்பார்கள். பட்டியல் ஒன்று வளரும், ஆனால் அது பிள்ளை தானே பிடித்துப் போட்ட பட்டியல்.

கடைசிப் பத்து நிமிடம்தான் உயர்தரத்துக்குரிய பகுதி. இப்போது தமிழை எடுத்துவிடுகிறோம். ஆங்கில வாக்கியத்தை நாங்கள் வாசிப்போம், அதனால் என்ன நடந்தது என்பதை அவர்கள் தெரிவு செய்ய வேண்டும். 'ஹி ஃபர்கொட் டு லொக் த கேட்.' அ: ஆடு உள்ளே வந்து லீக்ஸ் பாத்தியைத் தின்றுவிட்டது. ஆ: பூட்டைப் பார்க்க மறுபடியும் போய், பூட்டியிருப்பதைக் கண்டு திரும்பி வந்தான். 'ஷி ஸ்டொப்ட் டு டோக் டு ஹேர் டீச்சர்.' அ: பஸ் போய்விட்டது. ஆ: டீச்சர் ஏன் கோபம் என்று கேட்டார். 'வி டிரைட் ஓப்பனிங் த விண்டோ.' அ: ஜன்னல் அசையவே இல்லை. ஆ: குளிர் உள்ளே வந்ததுதான் மிச்சம். பின்விளைவைச் சரியாகத் தெரிவு செய்கிற பிள்ளைக்கு விஷயம் விளங்கியிருக்கிறது. முன்பு பட்டியலை ஒப்புவித்த பிள்ளைகள் முதல் தடவை இந்தப் பகுதியில்தான் தடுமாறினார்கள். வடிவம் தெரியும், பொருள் தெரியாது என்பதைக் கண்ணால் காணலாம்.

பத்தாவது அட்டை பற்றி ஒரு எச்சரிக்கை. 'ஃபர்கொட் லொக்கிங்' இலக்கணப்படி நிற்கும், ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் அங்கே பெரும்பாலும் 'ஐ ஃபர்கொட் தட் ஐ ஹேட் லொக்ட் இட்' என்றுதான் சொல்வார்கள். 'ஃபர்கெட்'டுக்குப் பின் 'இங்' இயல்பாக வருவது 'ஐ வில் நெவர் ஃபர்கெட் சீயிங் த சீ' போன்ற மறக்கவே மாட்டேன் வகை வாக்கியங்களில். 'ரிமெம்பர்' என்றால் தயக்கம் வேண்டாம். 'ஐ ரிமெம்பர் லொக்கிங் இட்', பூட்டினது ஞாபகம் இருக்கு. 'ரிமெம்பர் டு லொக் இட்', ஞாபகமாப் பூட்டு. எங்கள் பிள்ளையின் கடிதம் அந்த ஆசிரியரைக் குழப்பியதற்கு இந்த அரிதான வடிவமும் ஒரு காரணம்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் வேலை விண்ணப்பங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். 'ஐ ஏம் லுக்கிங் ஃபோர்வர்ட் டு ஹியர் ஃப்ரொம் யூ.' கடிதத்தின் கடைசி வரி, கடைசி வரியில் பிழை. 'டு'வைக் கண்டதும் வெறும் வினையைப் போட்டுவிடுகிறார்கள். இந்த 'டு' வேறு 'டு'. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 'டு'வுக்குப் பின் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபோர்வர்ட் டு யுவர் லெட்டர்' நிற்கிறது. பெயர் நிற்கிற இடத்தில் வினை வந்தால் அது பெயராகித்தான் வர வேண்டும், ஆகவே 'டு ஹியரிங்'. 'டிசைடட் டு யுவர் லெட்டர்' நிற்காது, ஆகவே அங்கே 'டு' சாதாரண 'டு'தான். 'யூஸ்ட் டு'வும் இதே இடத்தில் காலை வாரும். 'மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு பிளக் டீ' என்றால் அப்பாயி முன்பு கொழுந்து பறிப்பார், இப்போது இல்லை. 'ஷி இஸ் யூஸ்ட் டு பிளக்கிங் இன் த ரெய்ன்' என்றால் மழையில் பறித்துப் பழகிவிட்டார். 'பறித்துப் பழகு', மறுபடியும் 'செய்து'. மறுபடியும் 'இங்'.

அந்தப் பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறோம். நாங்கள் ஒழுக்க ஆசிரியரிடம் போய், பிழை எங்கள் பட்டியலில் என்று சொன்னோம். அவரும் ஏற்றுக்கொண்டு பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசினார். திறப்பு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. ஆனால் 'பொய்க்காரி' என்று கேட்ட நேரம் இல்லாமல் போகாது. அது ஒரு 'டு'வுக்காக. இல்லை, அந்த 'டு' என்ன சொல்கிறது என்பதை நாங்கள் சொல்லிக் கொடுக்காததற்காக.

ஆங்கில ஆசிரியர்களே, திங்கட்கிழமை போய்ப் பட்டியலைக் கழற்றுங்கள். வெட்டி அட்டையாக்கினால் கடதாசியும் மிச்சம். 16 அட்டையும் மேலே இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் தோட்டத்துக்கும் ஊருக்கும் ஏற்ற மாதிரி வாக்கியங்களை மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் விதிக்கு அடங்காத வினை ஏதும் உங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்தால் கீழே எழுதுங்கள். எங்கள் ஓட்டைப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.